அண்ணன் காலில் கட்டிய கயிறு

அண்ணனை அணலி கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மலையாளத்தில்தான் அந்தப் பெயர்; எங்கள் நாகர்கோவில் பக்கம் கண்ணாடி விரியன் என்போமே, அந்தப் பாம்புதான். கிழக்கேகோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் அடுக்கியிருந்த பழைய ஓடுகளை அவன் நகர்த்திக் கொண்டிருந்தான். நான் தம்பானூரில் லாட்ஜ் வரவேற்பில் வேலையில் இருந்தேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். கடிபட்ட காலில், முழங்காலுக்குக் கீழே, தேங்காய்நார்க் கொச்சக்கயிற்றை இறுக்கிக் கட்டினார். கடிவாயைச் சவர பிளேடால் கீறி, விஷ ரத்தம் போகட்டும் என்று பிழிந்தார். பிறகு ஆட்டோவில் ஏற்றி, நெடுமங்காடு வழியில் தனக்குத் தெரிந்த விஷ வைத்தியரிடம் கொண்டு போனார். அங்கே பச்சிலை அரைத்துப் பூசினார்கள். கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. அண்ணனின் ஈறிலும் ரத்தம் கசிந்த பிறகுதான் பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எனக்குத் தகவல் வந்தபோது மாலையாகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கயிறு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கால் கறுத்து, குளிர்ந்து, வீங்கிக் கிடந்தது. வலி பொறுக்காமல் அதை அறுத்துவிடச் சொல்லி அண்ணன் கெஞ்சினான். நான் கை நீட்டியதும் டாக்டரம்மா தடுத்தார்.

"இப்போ தொடாதீங்க. சட்டுனு அவிழ்த்தா தேங்கின விஷம் மொத்தமா ஏறிடும். மருந்து ஓடத் தொடங்கட்டும், நானே தளர்த்துறேன்."

கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த அவன் ரத்தம் உறையாமல் தண்ணீர்போல் ஆடியது. அதனால்தான் கீறல் அடைபடவில்லை என்றார். பிளேடு விஷத்தை வெளியே எடுக்கவில்லை. ரத்தம் போக வழிதான் செய்தது. விஷமுறிவு மருந்து ஏற ஏற, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். உயிர் தப்பியது. சிறுநீரகம் கெட்டு, பல வாரம் டயாலிசிஸ். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலில் கால் இல்லாத இடத்தைப் பார்க்காமல், தான் கட்டியதால்தானே விஷம் தலைக்கு ஏறவில்லை என்று கேட்டார். அண்ணன் ஆமென்று தலையாட்டினான். பேசாதே என்று எனக்கும் கண்ணால் காட்டினான்.

உண்மையைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் பாம்பு கடித்தால் எங்கள் தெருவில் எத்தனை பேர் இன்னும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்!

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "கட்டு விஷத்த முழுசா நிறுத்தல, காலுக்கு ரத்தத்த நிறுத்திருச்சு. இனி யாருக்கும் கட்டாதீங்க, கீறாதீங்க. நடக்க விடாம, கால் அசையாம படுக்க வச்சு, மெட்டி கொலுசு இருந்தா கழத்திட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. வைத்தியர் வீடு வேண்டாம்."

அவர் பழப்பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு எழுந்து போனார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு சில நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை.