ஐந்துக்கு இரண்டு

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். நான் கம்பெனிகளுக்குச் சட்ட வேலை பார்க்கும் கம்பெனி செக்ரட்டரி. அன்று என்னைத் தேடி வந்த அக்கா, கார் நிக்கோபார் தீவின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கப்பலில் வந்து இறங்கி, பையோடு நேராக மாடி ஏறி வந்தார். பையில் ஒரு தடித்த கட்டுக் காகிதம்.

அவருடைய கணவர் மறைந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கணவரும் அவர் நண்பர் ஒருவரும், போர்ட் பிளேரில் ஒரு குடும்பம் நடத்திய சரக்குப் படகுக் கம்பெனியில் பங்கு போட்டிருந்தார்கள். கணவரின் ஏழு சதவீதம் இப்போது அக்கா பெயரில் இருக்கிறது. அந்தக் கம்பெனியைச் சென்னைக் கம்பெனி ஒன்றோடு இணைக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது.

"நூறு பக்கம் இருக்கு மேடம். எனக்கு ஒரே பக்கத்துல சொல்லுங்க. என் ஷேர் என்ன ஆகும், யார் யார் சரின்னு சொல்லணும், நான் வேணாம்னா என்ன ஆகும்."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். இங்குள்ள ஐந்து பங்குக்குச் சென்னைக் கம்பெனியில் இரண்டு பங்கு.

"அஞ்சு ரெண்டாகுதே. மத்லப், அப்படின்னா நஷ்டம்தானே?"

"எண்ணிக்கை குறையறது மட்டும் நஷ்டம் இல்லக்கா. அங்க ஒரு ஷேரோட மதிப்பு அதிகமா இருந்தா கணக்கு சரியாயிடும். ரெண்டு கம்பெனியையும் எப்படி மதிப்புப் போட்டாங்கன்றதுதான் விஷயம்."

அடுத்து ஒப்புதல்கள். இரு கம்பெனிகளின் இயக்குநர்களும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். இனி கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் கூட்டச்சொன்ன பங்குதாரர் கூட்டத்தில், வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையானோர், அதுவும் மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள், சம்மதிக்க வேண்டும். கடன் கொடுத்த வங்கி, கம்பெனிப் பதிவாளர், வருமானவரித் துறை போன்றோரும் கருத்துச் சொல்வார்கள். கடைசியில் தீர்ப்பாயத்தின் உத்தரவு: நம் கம்பெனிக்குக் கொல்கத்தா அமர்வு, அவர்களுக்குச் சென்னை அமர்வு.

"நான் வேணாம்னா?"

"கூட்டத்துல எதிர்த்து ஓட்டுப் போடலாம். ஆனா தீர்ப்பாயத்துல ஆட்சேபணை சொல்ல, பங்குல பத்து சதவீதமாவது வேணும். உங்ககிட்ட ஏழுதான். வெளியேறுறேன், காசு குடுன்னு கேக்கற உரிமையும் தானா வராது. திட்டத்துலயே எழுதியிருந்தாதான்."

நான் மதிப்பீட்டு அறிக்கையை மறுபடி புரட்டினேன். கம்பெனியின் இரண்டு படகுகளையும் தேய்மானம் போகக் கணக்கில் மிஞ்சிய சொற்பத் தொகைக்கே எடுத்திருந்தார்கள்.

"இந்தப் படகுங்க இப்ப ஓடுதா?"

"ஓடுதாவா? போன வாரம் எங்க ஜெட்டியில சிமெண்ட் இறக்குச்சு."

ஓடிச் சம்பாதிக்கும் படகைக் காயலான் கடை விலைக்குப் போட்டால் விகிதம் இறங்கத்தான் செய்யும். கம்பெனி நடத்தும் குடும்பத்துக்கு இதில் நஷ்டமில்லை. சென்னைக் கம்பெனியிலும் பெரும்பங்கு அவர்களுடையதுதான்.

பத்துக்குக் குறையும் மூன்று சதவீதத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. கணவரின் நண்பரிடம் ஐந்து இருந்தது.

"அவர்கிட்டயா? இவர் செத்தப்ப மூஞ்சியக்கூடக் காட்டல."

இருந்தாலும் அன்று மாலையே மரைன் ஹில்லில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒப்பந்தக்காரர், ராமநாதபுரத்துக்காரர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை அவருக்கு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குப் பதிலா அவங்களே ஓட்டுப் போட பிராக்ஸியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனேம்மா. கம்பெனி ஆளு வந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

"ரத்து பண்ணலாம். நீங்களே நேர்ல வந்து ஓட்டும் போடலாம்" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "அவன் போனப்ப நான் வந்திருக்கணும். அவனோட சண்டை போட்ட கோவத்துல இருந்துட்டேன்."

"அதப் பேச வரல" என்றார் அக்கா. பிறகு, "படகுக்கு ஞாயமான விலை வேணும். அவரு அந்தப் படகு எஞ்சினுக்கு எவ்வளவு அலைஞ்சாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"டீக் ஹை, சரி. சேந்தே போவோம்."

கூட்டத்தில் இருவரும் எதிர்த்து வாக்களித்தார்கள். தோற்றோம். அதை முன்பே சொல்லியிருந்தேன். அந்தக் குடும்பத்துக்குத் தலைகளும் அதிகம், பங்கும் அதிகம். ஆனால் பன்னிரண்டு சதவீதத்தின் பெயரில் கொல்கத்தாவில் ஆட்சேபணை தாக்கல் செய்தேன். நிபுணரின் மதிப்பீட்டில் தீர்ப்பாயம் லேசில் கை வைக்காது என்று தெரியும் என்பதால், எனக்கு உள்ளுக்குள் பயம்தான். படகுகள் இன்னும் ஓடுவதற்கான சான்றுகளை வைத்து அந்த ஒரு குறையை மட்டும் பேசினேன். அமர்வு கேள்வி மேல் கேள்வி கேட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவகாசம் வாங்கி, புது மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

திருத்திய திட்டம் மறுபடி கூட்டங்களுக்குப் போய், இரண்டு அமர்வுகளிலும் உத்தரவானது. ஐந்துக்கு இரண்டு என்பது இரண்டுக்கு ஒன்று என்றானது. அக்கா எதிர்பார்த்தது அதைவிடக் கூடுதல். "இது போதுமா மேடம்?" என்று போனில் கேட்டார். இதற்கு மேல் இழுத்தால் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். பிறகு, நண்பர் ஊருக்குப் போகிறாராம், அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லையாம், எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று தன்னிடம் கேட்டாராம் என்றார். வார்டில் மணி அடித்தது, வைத்துவிட்டார்.