குணவதி விட்ட குரல் செய்தி

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில் குணவதியும் நானும் ஏழு வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்தோம். அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் வேகவைத்து அனுப்புவது எங்கள் வேலை. என் பெயர் மஹ்பூபா. அவளைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். நான் குணா என்பேன்.

அவள் நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா முனுசாமி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலும் பிறகு மலாய்ப் பள்ளியிலும் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தாள். கல்யாணமாகி ஆயர் ஈத்தாமுக்கு வந்தாள். கணவர் கோகுலன் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.

அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் எழுதும் லேபிளை நான் ரசித்துப் பார்ப்பேன். கட்டிய ஒவ்வொரு பொதியிலும் எந்தக் கருவித் தொகுப்பு, எந்தத் தேதி, எத்தனையாவது சுற்று, யார் கட்டியது என்று எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் கிறுக்குவோம். அவள் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக நிற்க வைப்பாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து யாரும் அவளுடைய பொதியைப் பற்றிப் போன் போட்டுக் கேட்டதில்லை.

நாங்கள் மருத்துவமனையின் நேரடி ஊழியர்கள் இல்லை. ஒரு காண்டிராக்ட் கம்பெனி வருடா வருடம் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். போன வருடக் கடைசியில் அந்தப் புதுப்பிப்பே நிச்சயமில்லை என்று பேச்சு அடிபட்டது. நான் புலம்பிக்கொண்டிருந்தேன். குணா பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு மனுப் போட்டாள். அங்கே கிருமிநீக்கப் பிரிவுக்கு டெக்னீஷியன் தேவை என்று, பர்மா ரோட்டில் இருக்கிற ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி ஒன்று விளம்பரம் போட்டிருந்தது. "மனு கிடைத்தது, தேவைப்பட்டால் அழைப்போம்" என்று ரோஹானா என்ற பெண்ணிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது.

எங்கள் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலை ஏழு மணிக்கு லோக்கரில் வைத்துப் பூட்டினால் பன்னிரண்டரை மணி ரெஹாட்டுக்கு, சாப்பாட்டு இடைவேளைக்குத்தான் கையில் எடுப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி எடுத்தபோது குணாவின் போனில் ஒரு தவறிய அழைப்பு இருந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு, 04 என்று தொடங்கும் ஆபீஸ் எண்ணிலிருந்து.

"அடிச்சுப் பாருலா, சீக்கிரம்," என்றேன்.

அவள் அடிக்கவில்லை. முதலில் மின்னஞ்சலைத் திறந்து, அடியில் இருந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆபீஸ் எண் அதேதான். அதன் கீழே ரோஹானாவின் கைப்பேசி எண்ணும் இருந்தது.

"அவங்கதான்கா," என்றாள்.

சாப்பாட்டு அறையில் ஒரே இரைச்சல். பின்படிக்கட்டில் சலவைத் தள்ளுவண்டிகள் கடகடவென்று போய்க்கொண்டிருந்தன. நாங்கள் படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போனோம். சுற்றிலும் துணி என்பதால் அங்கே சத்தமே கேட்காது. ஜன்னல் பக்கம் நின்றால்தான் லைன் கிடைக்கும். அவள் ஜன்னலை ஒட்டி நின்றாள், நான் கதவை மறித்து நின்றேன்.

மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பதிவு செய்த குரல் ஒன்று, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு மலாயிலும், ஒலிக்குப் பின் பெயரும் எண்ணும் சொல்லச் சொன்னது. பீப் என்றது. குணா பதறிப்போய், "ஹலோ... ஹலோ, சிக் ரோஹானா?" என்றாள். சிக் என்றால் மலாயில் மிஸ். பதில் வரும் என்று காத்திருந்தாள். பிறகு சட்டென்று வைத்துவிட்டாள்.

"போச்சு. என் பேரைக்கூடச் சொல்லலக்கா."

"விடு. மறுபடி மறுபடி அடி. யாராச்சும் எடுப்பாங்க."

இதை நான் அனுபவத்தில்தான் சொன்னேன். முன்பு ஒரு தடவை ஒரு ஹோட்டல் வேலைக்கு வந்த அழைப்பைத் தவறவிட்டு, அன்று முழுக்க ஒன்பது தடவை அடித்தேன். ஒரு தடவைகூடக் குரல் செய்தி விடவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாதியைக் குணாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவள் தலையாட்டினாள். ஆனால் அடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். விரிப்புக் கட்டின் மேல் கிடந்த எண்ணிக்கைத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ரெஹாட் அரை மணிநேரம்தான், அதில் பத்து நிமிடம் போய்விட்டது. எனக்குக் கால் தரிக்கவில்லை. அவள் எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் படித்தாள். இரண்டு வரிகளை அடித்தாள்.

"என்ன அடிச்சே?"

"ஏன் போன் எடுக்கலன்னு நீளமா எழுதிட்டேன். அவ்ளோ வேணாம்."

மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை பீப் வந்ததும் ஒரு மூச்சு விட்டு, மலாயில் நிதானமாகப் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம் சிக் ரோஹானா. நான் குணவதி, முனுசாமியின் மகள். கிருமிநீக்க டெக்னீஷியன் வேலைக்கு மனுச் செய்திருக்கிறேன். இன்று காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு நீங்கள் அழைத்தீர்கள். வேலை இடத்தில் போன் வைத்திருக்க அனுமதி இல்லாததால் எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. இன்று மாலை மூன்றரையிலிருந்து ஏழு வரை பேச முடியும். என் எண்..."

எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு, எதிரில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதைப் போலச் சொன்னாள். முடித்ததும், "மீண்டும் சொல்கிறேன்" என்று இன்னொரு தடவை சொன்னாள். நன்றி சொல்லி வைத்தாள். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும்.

"முடிஞ்சதா? வா, ரெண்டு வாய் சாப்பிடு."

"ஒரு மெசேஜும் போட்டுர்றேன்கா. ஆபீஸ்ல இல்லாமப் போயிருந்தா?"

ரோஹானாவின் கைப்பேசி எண்ணுக்கு நான்கே வரியில் தட்டினாள். பெயர், எந்த வேலை, காலை அழைப்பைத் தவறவிட்டது, ஆபீஸ் எண்ணில் குரல் செய்தி விட்டிருப்பது, மூன்றரையிலிருந்து ஏழு வரை பேச முடியும் என்பது, நன்றி. நான் எட்டிப் பார்த்தேன்.

"ஏழு வருஷ அனுபவம்னு போடு. காண்டிராக்ட் முடியப்போவுது, கொஞ்சம் தயவு பண்ணுங்கன்னு போடு."

"அனுபவமெல்லாம் ரெசுமேல இருக்குக்கா. இது கூப்பிடறதுக்கு மட்டும்."

அனுப்பும் முன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தாள். அனுப்பினாள். போனை லோக்கரில் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள். மத்தியானம் முழுக்கக் கத்தரிகளையும் இடுக்கிகளையும் எண்ணிக்கொண்டிருந்தோம். எப்போதும் போல ஒன்று குறையாமல் எண்ணினாள். எனக்குத்தான் இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது.

மூன்றரைக்கு வெளியே வந்தோம். போனில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறினால் இரைச்சலில் பேச முடியாது என்று, மருத்துவமனைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் இருந்த சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் பேனாவும் தாளும். நானும் உட்கார்ந்தேன். நான்கு மணி ஆனது. நான்கரை ஆனது. மழை மூட்டம் போட்டது.

"இன்னொரு வாட்டி அடிச்சா என்ன குறைஞ்சிடும்?" என்றேன்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்கா. ஏழு வரைக்கும் பேசலாம்னு சொன்னேன், ஏழு வரைக்கும் உக்காருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் இரண்டு தே தாரேக் டீ வாங்கி வந்தேன். அவளுடையது ஆறிப்போனது.

ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. 04 எண்.

"செலாமாட் பெத்தாங், குணவதி பேசறேன்," என்று மலாயில் மாலை வணக்கம் சொல்லித் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் புருவம் உயர்ந்தது. எதிரில் ரோஹானா தமிழில் பேசியிருக்க வேண்டும்; இவளும் தமிழுக்கு மாறினாள். "ஆமா, தமிழ்தான்... முதல் மெசேஜா? அதுவும் நான்தான். பீப் சத்தம் கேட்டதும் பயந்துட்டேன்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

பிறகு ரோஹானா கேட்ட கேள்விகளுக்குக் குணா பதில் சொன்னாள். எந்த வகை ஆட்டோகிளேவ், சோதனைப் பட்டையின் நிறம் மாறவில்லை என்றால் என்ன செய்வாள், ஷிஃப்டில் வர முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். தாளில் ஏதோ எழுதிக்கொண்டாள். "வியாழக்கிழமை, காலை ஒம்பது மணி, ரெண்டாவது கேட். ஐசி அடையாள அட்டை, சான்றிதழ் அசல்," என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். வைத்துவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு ரோஹானா சொன்னதை எனக்குச் சொன்னாள்.

ரோஹானா காலையில் குணாவை அழைத்த பிறகு கிளம்பி, மாலை வரை ஒரு தொழிற்சாலையில் கூட்டத்தில் இருந்திருக்கிறார். கைப்பேசியில் குணாவின் நான்கு வரியை மேசைக்கு அடியிலேயே பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும் கூப்பிடலாம், ஏழு வரை நேரம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து குரல் செய்திகளைக் கேட்டிருக்கிறார். நேர்முகத்துக்கு அனுப்பும் பட்டியலை ஆறு மணிக்குள் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டும். கடைசி ஓர் இடம் பாக்கி.

"ஒருத்தர் எண்ணை வேகமா சொல்லிட்டாராம், மூணு வாட்டி போட்டுக் கேட்டும் புரியலையாம். இன்னும் நாலு பேரு பேரே சொல்லாம வெச்சுட்டாங்களாம். யாருன்னு தெரியாம எப்படிக் கூப்பிடறதுன்னு கேக்கறாங்க."

அந்த ஒன்பது அழைப்புகளின் முடிவை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் அன்னிக்குப் பயமா இருந்திருக்கும்கா," என்றாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். குரல் செய்தி அவளை அந்த வாசல் வரைதான் கொண்டுபோய் விட்டது. உள்ளே ஒன்றரை மணிநேரம் அவளே பேசினாள், ஒரு பொதியைக் கட்டியும் காட்டினாள். இரண்டு வாரம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. பகல் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். முதல் ஆறு மாதம் மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வர வேண்டும் என்று இருந்தது. கோகுலனோடு இரண்டு நாள் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ராஜினாமாவை சூப்பர்வைசர் காமாரியாவிடம் நேரில் கொடுத்தாள். ஒரு மாத நோட்டீஸில் ஒருநாள்கூடக் குறைக்கவில்லை. கடைசி நாள் மூன்றரை மணி வரை நின்று, பாதியில் கிடந்த ஒரு எலும்பு அறுவைத் தொகுப்பைக் கட்டி முடித்தாள். வெளியே கோகுலன் காரோடு காத்திருந்தார். கனமான மழை. நான் குடை பிடித்து அவளைக் கார் வரை கொண்டுபோய் விட்டேன். "பாயான் லெப்பாஸ்ல இன்னும் ஆள் எடுக்கறாங்கக்கா, ரோஹானா நம்பர் அனுப்பவா?" என்று கேட்டாள். அனுப்பு என்றேன்.