அக்கா விட்ட காலை ஷிப்ட்

வெள்ளவத்தை ஹோட்டல் சமையலறையில் மாதம் ஒருமுறை ஷிப்ட் தாள் வரும். பழைய ஆட்கள் முதலில் தெரிவுசெய்வார்கள். எனக்கு மிஞ்சுவது எப்போதும் உடைந்த ஷிப்ட், காலை நாலு மணித்தியாலம், மாலை நாலு. இடையில் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்வந்தால் ஆமி செக்பொயின்டிலேயே பகல் கரைந்துவிடும். அரிசி மூட்டையில்தான் குந்தியிருப்பேன்.

அந்த மாதம் சமையலறையில் மூத்தவளான அக்கா காலை ஷிப்டை விட்டுவிட்டு உடைந்ததை எடுத்தாள்; காலை என்வரை மிஞ்சியது. எனக்கு வாசிக்கவும் தெரியாது. ஏதோ சூது என்று தாளில் பெருவிரலை வைக்காமல் நின்றேன்.

"காலையில என்னக்கா வில்லங்கம்?"

"ஒண்டுமில்லையடி. அம்மா இப்ப படுக்கையில. வீடு பக்கத்து லேன்தானே, மத்தியானம் சோறு தீத்தலாம்."

நம்பாமல் மத்தியானம் அவள் பின்னாலேயே போனேன். தாய்க்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் வாசலில் என்னைக் கண்டாள்.

"உளவு பாக்க வந்தனியோ? அந்தத் தண்ணியை எடு."

எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறொருத்தி முந்துமுன் ஓடிப்போய்க் காலை ஷிப்டுக்குப் பெருவிரலை வைத்தேன்.