பகலில் வண்டி எங்கே நிற்கும்?

ஜெராக்ஸ் கடைக்குள் ஓரமாக மேசை போட்டு வண்டி இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுப்பவருக்கு அந்தத் தெருவில் கேள்விக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருடைய கையெழுத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. வந்தவர் உட்கார்வதற்குள் மற்ற ஏஜெண்டுகள் பாலிசியை அச்சடித்து நீட்டிவிடுவார்கள். இவரோ வண்டிக்கு என்ன வயது, யார் ஓட்டுவார்கள், எவ்வளவு தூரம் ஓடும், ராத்திரி எங்கே நிற்கும் என்று ஆரம்பித்து ஆளைத் துளைத்து எடுத்துவிடுவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இப்படித்தான் கேட்டார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஊரில் நாலு பேர் தன்னை நம்புவது அந்தக் கேள்விகளால்தான் என்று அவர் நினைத்தார்.

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டிவிடும் நர்ஸ் ஒருநாள் அவரிடம் வந்தார். எட்டு வயது ஸ்கூட்டர். இத்தனை வருஷமும் முழுக் காப்பீடு எடுத்திருந்தார். ஒருமுறைகூடக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டதில்லை. இந்தத் தடவையும் அதையே எடுப்பதா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமா என்பதுதான் அவருக்குக் குழப்பம்.

கேள்விக்காரர் சம்மணம் போட்டு உட்காராத குறையாக விளக்கினார். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது, அது சட்டம். நம் வண்டியால் அடுத்தவருக்கு அடிபட்டாலோ அவர் பொருள் உடைந்தாலோ அதுதான் கொடுக்கும். நம் வண்டிக்கு ஏதாவது ஆனாலும், வண்டியே காணாமல் போனாலும் அதில் காலணா வராது. முழுக் காப்பீட்டில் அதெல்லாம் உண்டு. ஆனால் வண்டிக்கு வயது ஏற ஏற, கம்பெனி அதற்குப் போடும் மதிப்பு இறங்கிக்கொண்டே வரும். தொலைந்தால் அந்த மதிப்புக்கு மேல் கிடைக்காது. கீழே விழுந்து பக்கவாட்டு மூடி உடைந்தால், பிளாஸ்டிக் பழசு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள், செலவில் முதல் கொஞ்சம் உங்களுடையது என்று இன்னொரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சத்தைக் கேட்டு வாங்கினால் இழப்பீடு கேட்காதவர்களுக்கு அடுத்த வருஷம் தரும் தள்ளுபடியும் போய்விடும்.

பிறகு வழக்கமான கேள்விகள். வண்டியை நர்ஸ் மட்டும்தான் ஓட்டுகிறார். நாலைந்து தெருவைத் தாண்டிப் போவதில்லை. ராத்திரி பூட்டிய கேட்டுக்கு உள்ளே நிற்கிறது.

"அப்படின்னா மூணாம் நபர் மட்டும் போதும் சிஸ்டர்" என்றார். "எதுக்கு வீணா அழணும்?"

ஜெராக்ஸ் கடைக்காரர் காகிதக் கட்டைத் தட்டி அடுக்கியபடியே சிரித்தார். "முழுசா போட்டா உனக்குத்தானேப்பா கமிஷன் ஜாஸ்தி. உன் வாயில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே."

கேள்விக்காரர் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினார். நர்ஸ் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் வண்டி களவு போனது. அடுக்குமாடி வீடு ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றிவிட்டு இறங்கி வந்தால், சுவரோரம் வெறிச்சென்று கிடந்தது. பட்டப்பகல். நர்ஸ் நேராகக் கேள்விக்காரரிடம்தான் வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒண்ணும் வராது இல்லண்ணா?" என்று மட்டும் கேட்டார். கேள்விக்காரர் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

அவரே கூடப் போய்ப் போலீஸில் புகார் கொடுக்க வைத்தார். பணம் வராவிட்டாலும் புகார் முக்கியம். திருடியவன் அந்த வண்டியை யார் மேலாவது விட்டால், வழக்கு முதலில் தேடி வருவது சொந்தக்காரரைத்தான். கம்பெனிக்கும் தகவல் எழுதினார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் மனசு ஆறவில்லை.

ஏனென்றால் தன் தப்பு எங்கே என்று அவருக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. குறைந்த தூரம் என்றதும் குறைந்த ஆபத்து என்று எண்ணிவிட்டார். விபத்துக்கு அது சரி. திருட்டுக்கு அப்படியே தலைகீழ். நாலு தெருவுக்குள் பத்து வீடு ஏறி இறங்குகிறவருடைய வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஊரார் வண்டிகளோடு நிற்கும். ராத்திரி எங்கே நிற்கும் என்று காலமெல்லாம் கேட்ட மனுஷன், பகலில் எங்கே நிற்கும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆபீஸ் போகிறவர்களுக்கே பாலிசி போட்டுப் போட்டுப் பழகிய புத்தி. அவர்கள் வண்டிக்குப் பகலில் காவலாளி உண்டு.

அதற்குப் பிறகு நர்ஸ் நடந்துதான் போனார். மேசையில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். தோளில் பையைத் தொங்கவிட்டபடி, வெயிலில் ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு அவர் போவதைக் கேள்விக்காரரால் பார்க்க முடியவில்லை. மேசையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முழுசாகப் போட்டிருந்தாலும் அந்தக் கிழட்டு வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் வந்திருக்காதே என்று மனைவி சமாதானம் சொன்னாள். வருகிற கொஞ்சத்தை முன்பணமாகக் கொடுத்து அந்த அம்மாள் வேறு வண்டி எடுத்திருப்பாளே என்று இவர் பதில் சொன்னார். நர்ஸ் தெருவெல்லாம் சொல்லிவிடுவார் என்று கேள்விக்காரர் பயந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெயில் காலம் பாதி போயிருக்கும். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பழசுதான், ஆனால் போன வண்டிக்கு இளையது. நர்ஸ் இறங்கி வந்து, யாரோ ஒருத்தரிடம் வாங்கியதாகவும், பேர் மாற்றியாகிவிட்டது என்றும், அதில் இருந்த மூன்றாம் நபர் காப்பீடு முடியப்போகிறது என்றும் சொன்னார். சாவியை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கேள்விக்காரருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டார்.

"பகல்ல வண்டி எங்க நிக்கும் சிஸ்டர்?"

நர்ஸ் விரல்விட்டு எண்ணினார். மருந்துக் கடை வாசல், மாடி வீட்டுச் சுவரோரம், சந்து முனை, அப்புறம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. பூட்டும் சங்கிலியும் புதிதாக வாங்கியிருக்கிறார். ஆனாலும் மேலே போனால் வண்டி கண்ணுக்குத் தெரியாது.

"அப்ப முழுசா போட்டுடலாம். கம்பெனில இருந்து வந்து வண்டியப் பாத்து படம் எடுத்துட்டுப் போவாங்க, அதுக்கப்புறம் பாலிசி தருவாங்க." கடைக்காரர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். கேள்விக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல எனக்கு வர்றதும் ஜாஸ்திதான். அதையும் சொல்லிடறேன். வேற யார்கிட்டயாவது ஒரு தடவ விசாரிச்சுட்டு வேணும்னாலும் வாங்க."

நர்ஸ் பையிலிருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கு உங்களுக்குக் கம்மியா வர்றதத்தான் எனக்குச் சொன்னீங்க. அதனாலதாண்ணா வேற ஆள்கிட்ட போகல."

கேள்விக்காரர் விண்ணப்பத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தில் அவர் எழுத வேண்டியது நர்ஸின் பெயரைத்தான். அதைக் கேட்காமல், வண்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.