மஞ்சள் பூசிய மிதவை

மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் தேனிக்கருகே ஒரு மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் உள்ளூர் ஆற்றை அளந்து அறிக்கை தர வேண்டும் என்றார் பள்ளி இன்ஸ்பெக்டர். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

என் திட்டம் பிரமாதமானது. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என மூன்று இடங்கள். ஆறு நேராக ஓடும் பகுதிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அகலத்துக்குக் கயிறு, ஆழத்துக்கு மூங்கில். வேகத்துக்குக் கரையில் இரண்டு கம்பு நட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மிதவை போகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். இடத்துக்கு மூன்று தடவை, பிறகு சராசரி. மிதவைக்கு உரித்த தேங்காய். பாதிக்கு மேல் முங்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. தூரத்திலிருந்து தெரியட்டுமென்று மஞ்சள் பூசியது என் சொந்த மூளை.

முதல் இரண்டு இடங்களும் ஒழுங்காக முடிந்தன. வீரபாண்டிக்குப் போனது செவ்வாய்க்கிழமை. அங்கே ஆற்றங்கரையில் கோயில் கொண்ட மாரியம்மனுக்கு உகந்த நாள் என்பது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வாத்தியார்களான எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

எனக்குத் துணையாக வந்து கடிகாரம் பிடித்த எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் இரண்டாவது கம்பருகே நின்றார். தேங்காய் பாதி தூரம்கூடப் போகவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை வாரியெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏ ஆத்தா, மஞ்ச பூசித் தேடி வந்திருக்கியே!"

"அது பள்ளிக்கூடத்துத் தேங்காம்மா," என்றேன்.

"பள்ளிக்கூடம் எப்பய்யா தேங்கா காச்சுச்சு?"

இரண்டாவது தேங்காயை விட்டேன். அதற்குள் அங்கன நாலு பேர் முந்தானையை விரித்துக் காத்திருந்தார்கள். அதுவும் போனபின் எஞ்சியது கரையில் கிடந்த ஒரு சோளத்தட்டை. லேசான அதைக் காற்று கரைக்கே ஒதுக்கிவிட்டது.

"ஒரு நம்பரப் போட்டு விடுமய்யா," என்றார் கணக்கு வாத்தியார். "இன்ஸ்பெக்டர் என்ன ஆத்துல எறங்கியா பாக்கப் போறாக?"

எழுத உட்கார்ந்தேன். பொய் எண் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம், உண்மை எழுதினால் சிரிப்பார்களே என்ற பயத்தைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்தது. 'பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பில் நனைந்தால் கயிறு சுருங்குவதையும், கடிகாரம் பிடித்தவர் கை தாமதத்தையும், சோளத்தட்டைமேல் அடித்த காற்றையும் எழுதினேன். நான்காவதாக: 'மிதவைகள் பிரசாதமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. வீரபாண்டியில் வேகம் அளக்கப்படவில்லை.'

இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரல் வைத்து, "இடத்தைக் காட்டும்," என்றார். போனோம். ஆற்றுக்குள் நின்ற அதே பெண் என்னைக் கண்டதும் முந்தானையை விரித்தாள்.

"வாத்தியாரய்யா வந்துட்டாக. இன்னிக்கு எத்தன தேங்கா விடுவீக?"

இன்ஸ்பெக்டர் திரும்பி நின்று வெகுநேரம் இருமினார். நிரந்தர உத்தரவு வந்தது. அறிக்கையின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'அடுத்த முறை கரி பூசவும்.'