பதினான்கு பக்கமும் இரண்டு பக்கமும்

முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து, நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன விதத்தில் குறை இல்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து டைல்ஸ் கம்பெனி, இன்சுலேட்டர் கம்பெனி, வாஷ்பேசின் கம்பெனி என்று கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்து மாதம் ஒரு கம்பெனியும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால்கூட ஒரு மரியாதை இருக்கும்.

நான் அனுப்பியது பதினான்கு பக்க சிவி. முதல் பக்கத்தில் படிப்பு, ஆய்வுத் தலைப்பு, வழிகாட்டியின் பெயர். பிறகு கட்டுரைகள், கருத்தரங்குகள், எடுத்த பாடங்கள், வாங்கிய சான்றிதழ்கள். கடைசியில் பரிந்துரைக்கும் மூன்று பேராசிரியர்களின் முகவரி. அதற்கும் கீழே அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து. எங்கள் ஆய்வகத்தில் சிவி என்றால் வளர வேண்டும். வருடத்துக்கு ஒரு பக்கமாவது கூடவில்லை என்றால் வழிகாட்டி முகத்தைச் சுளிப்பார். எதையும் எடுக்கக் கூடாது, சேர்க்கத்தான் வேண்டும். எட்டு வருடம் அப்படியே பழகிவிட்டேன்.

விருத்தாசலத்தில் என்னோடு செராமிக் டிப்ளமோ படித்தவள் ஒருத்தி, காரைக்கால் பக்கம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். நான் மேலே படிக்கப் போனபோது அவள் நேராக வேலைக்குப் போனவள். அவள் பிரிவில் உற்பத்திச் சிக்கல்களைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத்துக்குக் கூப்பிடும் ஆட்களின் பட்டியல் திங்கட்கிழமை முடிவாகும் என்று, ஞாயிறு ஊருக்கு வந்திருந்தவள் பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னாள். எனக்கு அது கடைசி வாய்ப்பு மாதிரி இருந்தது. இதுவும் போனால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கலாம் என்று அதற்குள் மனசைத் தேற்ற ஆரம்பித்திருந்தேன்.

அன்றே அவள் வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"என்னாடி இது, கல்யாணப் பத்திரிகையா? அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் இருக்குது. உனக்கு என்ன வேலை தெரியும்னு எங்க இருக்குது?"

"எல்லாம் அதுலதான் இருக்கு."

"எங்க எச்.ஆர். ஆளு ஒரு பேப்பரை அரை நிமிஷம் பார்ப்பாரு. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஒண்ணு பார்க்கும். விளம்பரத்துல நாங்க கேட்ட வார்த்தை உன் பேப்பர்ல இல்லன்னா அங்கயே நின்னுடும். பத்தாவது பக்கத்துல போய் எவன் தேடுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் இன்னும் கூடுதலாக வந்தது. ஆனாலும் விளம்பரத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினேழு கட்டுரைகள் ஒரே வரி ஆயின. கருத்தரங்குகள் போயின. பரிந்துரைப் பேராசிரியர்கள் போனார்கள், கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்றாள். 'படிப்பு' என்ற தலைப்பின் கீழ் கிடந்த ஆய்வு வருடங்களைத் தூக்கி 'அனுபவம்' என்பதில் போட்டாள். "எட்டு வருஷம் சாம்பலை அரைச்சு, சுட்டு, அளந்து பார்த்தியே, அது வேலை இல்லாம என்னா?" என்றாள். அனல்மின் நிலையச் சாம்பலைப் பீங்கான் கலவையில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வு. அதை அவள் சாம்பல் என்று சொன்னபோது சுருக்கென்றது.

அதன்பிறகுதான் சண்டை. ஒவ்வொரு வரியிலும் 'ஆராயப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று எழுதியிருந்தேன். யார் கண்டறிந்தது என்று கேட்டாள். நாங்கள் என்றேன். நாங்கள் என்றால் யார், உங்கள் வழிகாட்டியா, நீயா என்றாள். எனக்கு 'நான் செய்தேன்' என்று எழுதக் கை வரவில்லை. நானே செய்த வேலையின் கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக வந்தபோதுகூட வாயைத் திறக்காதவள் நான்.

"சரி, இதெல்லாம் லேபு. சூளைகிட்ட நின்னு எதையாவது சரி பண்ணியிருக்கியா?"

யோசிக்காமலேயே சொன்னேன். ஆய்வின் கடைசி வருடத்தில் ஊருக்கு வந்திருந்தபோது, இங்கே பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் மூன்று மாதம் போய் நின்றேன். சுட்டு எடுத்த கட்டைகளில் விரிசல். மண் சரியில்லை என்று மண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். உடைந்ததை எடுத்துப் பார்த்தேன். விரிசலின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது, மேல்பூச்சும் சேர்ந்தே அறுந்திருந்தது. சூடேறும்போது வெடித்திருந்தால் பூச்சு உருகி ஓரத்தை மழுக்கியிருக்கும். ஆக, ஆறும்போதுதான் வெடித்திருக்கிறது. அடுத்த லோடு ஏற்றும் அவசரத்தில் சூளைக் கதவைச் சீக்கிரம் திறந்துவிடுகிறார்கள். கலவையில் உள்ள குவார்ட்ஸ் ஐந்நூற்று எழுபது டிகிரிப் பக்கம் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை மெதுவாகத் தாண்ட வேண்டும். சூடு அதற்கும் கீழே இறங்கும்வரை கதவை மூடி வைக்கச் சொன்னேன், விரிசல் குறைந்தது.

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "இது இந்தப் பதினாலு பக்கத்துல எங்க இருக்குது?"

இல்லை. எங்கேயும் இல்லை. அதில் கட்டுரை வரவில்லை, சான்றிதழும் இல்லை. 'இதெல்லாம் ரிசர்ச் இல்லம்மா' என்று என் வழிகாட்டி சொன்னார். அதனால் நானும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

எவ்வளவு குறைந்தது என்று எண் வேண்டும் என்றாள். நினைவில்லை என்றேன். "எழுபது சதவீதம்னு போடு, யாரு கேக்கப்போறாங்க?" என்றாள். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு யூனிட் முதலாளிக்குப் போன் செய்தேன். மூன்று வருடம் பேசாதவர், குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"லோடுக்கு மூணு கூடை அள்ளி வெளிய கொட்டுவோம்மா. நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு கூடைதான். தாராளமா எழுதிக்கங்க. யாராச்சும் கேட்டா என் நம்பரைக் குடுங்க."

சேதத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். இப்படி, குறைத்தேன் என்றே எழுதினேன். அந்த வரியை அவள் முதல் பக்கத்தின் மேலே ஏற்றினாள். மொத்தம் இரண்டு பக்கம். சாயங்காலம் அனுப்பினோம், புதன்கிழமை போன் வந்தது.

நேர்முகத்தில் உற்பத்தி மேலாளர் முக்கால் மணி நேரம் அந்தச் சூளையைப் பற்றியே கேட்டார். கதவை எத்தனை டிகிரியில் திறந்தார்கள், கூடுதல் நேரத்துக்கு முதலாளியை எப்படிச் சம்மதிக்க வைத்தேன், வேலையாட்கள் ஒத்துக்கொண்டார்களா. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எப்போது சேர முடியும் என்று கேட்டுவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துகொண்டே, "அப்புறம், உங்க பிஎச்.டி. எதுல மேடம்?" என்றார்.

ஒரு வாக்கியத்தில் சொன்னேன். "ஓ, நல்லது" என்று கைகூப்பினார்.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பில் பஸ் வெகு நேரம் நின்றது. வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்னேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லைங்க, வேலை கிடைச்சிருக்கு என்றேன். அந்த எட்டு வருடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட முடிந்ததே என்றுதான் அழுதேன். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.