மைனஸ் இருபத்து நாலைச் சுற்றி ஒரு வட்டம்

கணக்கு டீச்சர் வீட்டிலிருந்தபடியே ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு விடைகளைத் திருத்திக்கொடுத்தார். மாணவர்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்று இரு பக்கமும் தெரியாது.

அன்று மாலை வந்த கணக்கு x² − 5x − 6 = 0. சூத்திரம் சரி. ஆனால் வர்க்கமூலத்துக்குள் 25 + 24 வரவேண்டிய இடத்தில் 25 − 24 இருந்தது. விடை 3, 2 என்று முடிந்திருந்தது.

டீச்சர் போட்டோவைப் பெரிதாக்கினார். தாளுக்கு அடியில் அவர் வீட்டு மேஜை விரிப்பு. ஓரத்தில், பஸ் கதவில் நசுங்கிக் கறுத்த கட்டைவிரல்.

கணவரேதான்! பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் பஸ் டிரைவர். மனைவியிடம் சந்தேகம் கேட்டால் வீடே அதிரும் என்று பயந்து, பக்கத்து அறையிலிருந்து பணம் கட்டிப் படிக்கிறார்.

வாய்வரை வந்த கத்தலை டீச்சர் விழுங்கினார். சரியான வரிகளுக்கெல்லாம் டிக் போட்டார். −24ஐ மட்டும் வட்டமிட்டு, "இதுவரை அருமை. −4ஐயும் −6ஐயும் பெருக்கினால் என்ன குறி வரும்? ஒருமுறை பாருங்கள்" என்று எழுதினார்.

பத்தே நிமிடத்தில் 6, −1 என்று சரியான விடை வந்தது. பின்னாலேயே கணவரும் வந்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரு டீச்சர் கிடைச்சிருக்காங்க. என்னா தன்மை தெரியுமா? நீயும் இருக்கியே!"

"வீட்டுல அவங்க எப்படியோ, யார் கண்டா?" என்றார் டீச்சர்.

"சேச்சே! அவங்களைக் கட்டிக்கிட்ட மகராசன் குடுத்து வச்சவன்."